தலைக்குறிப்பை நகலெடுக்காமல் ஒரு வழக்கை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சட்ட மாணவர் ஒருவர் அசைன்மெண்ட்டுக்காக ஒரு வழக்கைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது, தீர்ப்புக்கு மேலே அச்சாகும் சுருக்கமான தலைக்குறிப்பு. அரைப் பக்கத்தில் முழு வழக்கும் அடங்கிவிடுவதால், பலர் அதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். எழுதும் நாளில் அந்தக் குறிப்பை எடுத்து, சொற்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளில் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையிலிருந்தே பிறக்கின்றன. சொல் மாறியும் வாக்கியத்தின் எலும்புக்கூடு மாறாததால் அது நகலாகவே நிற்கிறது. மாற்றக் கூடாத சட்டச் சொல்லையும் சேர்த்து மாற்றியதால் சட்டமும் பிழையாகிவிடுகிறது.

கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியமானது. அவற்றை விளக்க ஒரே வழக்கை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன்: அலட்சியத்தால் விளையும் தீங்கைப் பற்றிப் படிக்கும் எல்லோரும் சந்திக்கும் டொனஹூ எதிர் ஸ்டீவன்சன். தீர்ப்பும் தலைக்குறிப்பும் ஆங்கிலத்தில் உள்ளவை. இங்கே காட்டும் பகுதிகள் என் தமிழாக்கம்.

## 1. எழுதத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, தீர்ப்பு அச்சான சட்ட அறிக்கை, பக்க எண்களோடு முழுமையாக. இணையத்தில் கிடைக்கும் வெறும் தீர்ப்புப் பிரதியில் அச்சு அறிக்கையின் பக்க எண்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. பக்க எண் இல்லாமல் எடுத்த குறிப்பைக் கடைசி இரவில் மறுபடி தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அந்த அவசரத்தில்தான் கற்பனைப் பக்க எண்கள் அடிக்குறிப்பில் நுழைகின்றன.

இரண்டாவது, அசைன்மெண்ட்டின் கேள்வி, எழுத்து மாறாமல். மூன்றாவது, உங்கள் துறை கேட்கும் மேற்கோள் முறையின் வழிகாட்டி. ஆக்ஸ்ஃபோர்டு முறையும் அமெரிக்காவின் புளூபுக் முறையும் மேற்கோளின் நீளம், பக்கச் சுட்டு ஆகியவற்றில் வேறுபடுகின்றன என்பதால், எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி ஏன் முன்கூட்டியே வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். சொந்த நடையில் எழுதுவது என்பது ஒரு நோக்கத்துக்காகத் தேர்ந்தெடுத்து எழுதுவது. நோக்கம் இல்லாமல் சுருக்கினால், தலைக்குறிப்பு எழுதியவர் எதையெல்லாம் முக்கியம் என்று கருதினாரோ அதே பொருள்களை அதே வரிசையில்தான் நீங்களும் சொல்ல வேண்டிவரும். ஆகவே நமக்கும் ஒரு கேள்வியை வைத்துக்கொள்வோம்: ஒரு மின்சாதனத்தை விற்பனைக்கு முன் கடைக்காரர் திறந்து சோதிப்பது வழக்கமாக இருந்தால், டொனஹூ வழக்கின்படி உற்பத்தியாளரின் கவனக் கடமை எந்த அளவுக்கு நிற்கும்?

## 2. அறிக்கையில் எந்தச் சொல் யாருடையது என்று பிரித்துக் குறியுங்கள்

ஒரு சட்ட அறிக்கையில் குறைந்தது நான்கு பேரின் குரல் இருக்கிறது. மேலே வரும் குறிச்சொற்களும் தலைக்குறிப்பும் அறிக்கை தயாரித்தவர் எழுதியவை. அதன் பின் பல அறிக்கைகளில் வழக்கறிஞர்களின் வாதச் சுருக்கம் வரும். பிறகு நீதிபதிகளின் உரைகள். அந்த உரைகளுக்குள் பழைய தீர்ப்புகளிலிருந்து எடுத்த மேற்கோள்கள். பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் உரியவரின் பெயரை எழுதிவிட்டுத்தான் படிக்கத் தொடங்க வேண்டும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தலைக்குறிப்பு தீர்ப்பின் பகுதி அல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் முகப்பில் வரும் சுருக்கம், அது நீதிமன்றக் கருத்தின் பகுதியாகாது என்று தானே அறிவித்துக்கொள்கிறது. அது இன்னொருவரின் படைப்பும்கூட: கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இல், சட்டச் சங்க நூலகம் ஒன்றின் நகலெடுப்புச் சேவை பற்றிய வழக்கில், தலைக்குறிப்புகள் பதிப்புரிமை பெறத்தக்க சுயமான ஆக்கங்கள் என்று கூறியது. ஆகத் தலைக்குறிப்பின் சொற்களை நீதிபதியின் சொற்களாகக் காட்டினால் பிழை இரட்டிப்பாகிறது: சொன்னவர் தவறு, எழுதியவருக்கு உரிய மதிப்பும் போய்விடுகிறது.

டொனஹூ வழக்கில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ஐந்து நீதிபதிகளில் ஆட்கின், தாங்கர்டன், மக்மில்லன் ஆகிய மூவர் வழக்குத் தொடுத்த டொனஹூவின் பக்கம். பக்மாஸ்டர், டாம்லின் ஆகிய இருவர் மாற்றுக் கருத்து. ஆனால் அறிக்கையில் முதலில் வருவது பக்மாஸ்டர் பிரபுவின் உரை. தலைக்குறிப்பைத் தாண்டியதும் முதலில் தென்படும் உரையே தீர்ப்பு என்று நினைத்து, தோற்ற தரப்பின் நியாயத்தைச் "சட்டம்" என்று எழுதிய கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் "மாறுபட்டவர்" என்று ஒரு சொல் எழுதிவைத்திருந்தால் இது நேராது.

## 3. தலைக்குறிப்பைப் படியுங்கள், பக்க எண்ணை எழுதுங்கள், மூடுங்கள்

தலைக்குறிப்பைப் படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எழுபது எண்பது பக்கத் தீர்ப்பில் நமக்கு வேண்டிய இடம் எது என்று கண்டுபிடிக்க அது மிகவும் உதவும். ஆனால் அதிலிருந்து குறிப்பேட்டுக்குள் போக வேண்டியவை மூன்றே: பிரச்சினை என்ன என்பதைக் கேள்வி வடிவில் ஒரு வரி, எந்த நீதிபதிகள் எந்தப் பக்கம், எந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். தலைக்குறிப்பிலிருந்து முழு வாக்கியம் எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள். எழுதிக்கொண்ட வாக்கியம் மனத்தில் தங்கிவிடும். பிறகு தீர்ப்பைப் படிக்கும்போதும் அந்த வாக்கியத்தின் வழியாகத்தான் படிப்பீர்கள்.

## 4. தீர்ப்பைப் படிக்கும்போது மூன்று அடையாளங்களோடு குறிப்பு எடுங்கள்

குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் அடையாளம் இடுங்கள். நீதிபதியின் சொற்களை எழுத்து மாறாமல் எடுத்திருந்தால் "மே" என்றும், உங்கள் சொற்களில் சுருக்கியிருந்தால் "சு" என்றும், உங்களுக்கே தோன்றிய எண்ணமாக இருந்தால் "எ" என்றும் போடுங்கள். முதல் இரண்டுக்கும் பக்க எண் கட்டாயம். "மே" வரிகளுக்கு மேற்கோள் குறிகளையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

இதன் காரணம் எளிது. இரண்டு வாரம் கழித்து குறிப்பேட்டைத் திறக்கும்போது, அழகாக அமைந்த ஒரு வாக்கியம் உங்களுடையதா நீதிபதியுடையதா என்று நினைவிருக்காது. கருத்துத் திருட்டு என்று விசாரணைக்கு வரும் கட்டுரைகளில் பலவற்றில் ஏமாற்றும் எண்ணம் இருப்பதில்லை. அடையாளம் இல்லாத குறிப்பேடுதான் இருக்கிறது. ஆனால் விசாரிப்பவரின் கையில் கட்டுரை மட்டுமே இருக்கும்.

நிகழ்வுகளைக் குறிக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. 1928 ஆகஸ்டில் பெய்ஸ்லி நகரத் தேநீர் விடுதி ஒன்றில் தோழி வாங்கித் தந்த இஞ்சி பானத்தை டொனஹூ அருந்தினார், ஒளிபுகாத புட்டியிலிருந்து மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை வந்தது, அவர் நோயுற்றார், பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சன் மீது வழக்குத் தொடுத்தார். இப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் நத்தை இருந்தது என்று எந்த நீதிமன்றமும் கண்டறியவில்லை. வழக்காடியவர் கூறுவது அனைத்தும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி அவருக்கு வழக்கு உண்டா என்பதே 1932இல், அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் முன் இருந்த கேள்வி. அதன் பின் சாட்சி விசாரணை நடக்காமலே வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆகவே "நத்தை இருந்தது என்று நீதிமன்றம் கண்டது" என்பது தவறு. "நத்தை இருந்ததாக வழக்காடியவர் கூறினார்" என்பதே சரி. இந்த "கூறினார்" என்ற ஒரு சொல், எழுதியவர் தீர்ப்பைப் படித்தாரா, யாரோ எழுதிய சுருக்கத்தைப் படித்தாரா என்பதைத் திருத்துபவருக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

உறுதியின் அளவையும் அப்படியே குறிக்க வேண்டும். சட்டத்தில் என் அயலார் யார் என்ற புகழ்பெற்ற கேள்விக்கு ஆட்கின் பிரபு விடை சொல்லும்போது, விடை இன்னதாகத் "தோன்றுகிறது" என்றே தொடங்குகிறார். அதை "ஆட்கின் பிரபு திட்டவட்டமாக வரையறுத்தார்" என்று எழுதினால் ஒரு சொல்லைக்கூட நகலெடுக்கவில்லைதான். ஆனால் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கிவிட்டீர்கள்.

## 5. ஒரு வாக்கியத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்

இந்த வழக்கின் தலைக்குறிப்பில் உள்ள முக்கிய வாக்கியத்தின் தமிழாக்கம் இது:

> உணவு, மருந்து அல்லது அவை போன்ற ஒரு பொருளை, அதிலுள்ள குறை எதையும் விநியோகஸ்தரோ இறுதியில் வாங்குபவரோ நுகர்வோரோ பரிசோதித்துக் கண்டறிய முடியாத சூழ்நிலையில் விநியோகஸ்தருக்கு விற்கும் உற்பத்தியாளர், உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய குறை அப்பொருளில் இல்லாதிருக்க நியாயமான கவனம் எடுக்கும் சட்டக் கடமையை, இறுதியில் வாங்குபவருக்கோ நுகர்வோருக்கோ கொண்டிருக்கிறார்.

புதியவர் ஒருவர் இதைச் "சொந்த நடையில்" எழுதினால் பெரும்பாலும் இப்படி வரும்:

> உணவு, மருந்து முதலிய பண்டங்களைத் தயாரிப்பவர், அவற்றின் பழுதை இடைத்தரகரோ கடைசியில் வாங்குபவரோ பயன்படுத்துபவரோ சோதித்து அறிய இயலாத நிலையில் இடைத்தரகருக்கு விற்றால், ஆரோக்கியத்துக்குத் தீங்கு தரும் பழுது இல்லாதவாறு போதிய கவனம் செலுத்தும் பொறுப்பு அவருக்கு உண்டு என்று ஆட்கின் பிரபு தீர்ப்பளித்தார்.

ஏறக்குறைய எல்லாச் சொற்களும் மாறியிருக்கின்றன. ஆனாலும் இது நகல்தான். முதலில் பொருளின் வகை, அடுத்து பரிசோதனை, அடுத்து விற்பனை, கடைசியில் கடமை என்ற வரிசை அப்படியே இருக்கிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வும் தலைக்குறிப்பு எழுதியவருடையதே. அவருக்குரிய அடிக்குறிப்பும் இல்லை.

இதைவிடக் கவலை தருவது சட்டத்துக்கு நேர்ந்த சேதம். "நியாயமான கவனம்" என்பது அளவுகோலின் பெயர். "போதிய கவனம்" என்று மாற்றியதும் அளவுகோலே மாறிவிட்டது. கடமை வேறு, பொறுப்பு வேறு: கடமை இருந்தாலும் அதை மீறியதும் அதனால் தீங்கு விளைந்ததும் நிறுவப்பட்டால்தான் பொறுப்பு எழும். விநியோகஸ்தர் பொருளை வாங்கி விற்பவர். இடைத்தரகர் பேரம் முடித்துத் தருபவர். கடைசியாக, இவை ஆட்கின் பிரபுவின் சொற்களே அல்ல. அவர் தன் உரையின் முடிவில், 599ஆம் பக்கத்தில் சொன்னது இது:

> தன் கையைவிட்டுப் போன அதே வடிவில், இடையில் ஆய்வு செய்யப்பட நியாயமான வாய்ப்பு எதுவுமின்றி இறுதி நுகர்வோரைச் சென்றடைய வேண்டும் என்று தான் எண்ணுவதைக் காட்டும் வடிவில் பொருள்களை விற்கும் உற்பத்தியாளர், அவற்றைத் தயாரிப்பதிலோ அடைப்பதிலோ நியாயமான கவனம் இல்லாவிட்டால் நுகர்வோரின் உயிருக்கோ சொத்துக்கோ கேடு விளையும் என்று அறிந்திருக்கும் நிலையில், அந்த நியாயமான கவனத்தை எடுக்கும் கடமையை நுகர்வோருக்குக் கொண்டிருக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைக்குறிப்பு "உணவு, மருந்து அல்லது அவை போன்ற" பொருள் என்கிறது. ஆட்கின் பிரபு வெறுமனே "பொருள்கள்" என்கிறார். அங்கே உடல்நலம், இங்கே உயிரும் சொத்தும். அங்கே பரிசோதனையால் குறையைக் கண்டறிய முடியாத சூழ்நிலை. இங்கே இடையில் ஆய்வு நடக்க நியாயமான வாய்ப்பு இல்லாமை. நம் கேள்வியோ மின்சாதனத்தைப் பற்றியது. தலைக்குறிப்பை மட்டும் நம்பியவர், மின்சாதனம் உணவு போன்றதா என்ற தேவையற்ற சுழலில் மாட்டிக்கொள்வார். கம்பளி உள்ளாடையில் தங்கிய வேதிப்பொருளால் தோல் நோய் வந்த கிராண்ட் எதிர் ஆஸ்திரேலியன் நிட்டிங் மில்ஸ் வழக்கில், பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் டொனஹூவின் கோட்பாட்டை ஆடைக்கும் பொருத்தியது. அது 1936ஆம் ஆண்டு அறிக்கைத் தொகுதியில் உள்ளது. அங்கே போவதற்கான வழி தீர்ப்பின் சொற்களில் இருக்கிறது, தலைக்குறிப்பின் சொற்களில் இல்லை.

இப்போது தீர்ப்பையும் மூடிவிடுங்கள். குறிப்பேட்டில் உள்ள கேள்வியை மட்டும் பார்த்து, அதற்கு இந்த வழக்கு என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். இப்படி வரலாம்:

> பெரும்பான்மையினரில் ஒருவரான ஆட்கின் பிரபு, தன் உரையின் இறுதி வாசகத்தில் உற்பத்தியாளரின் கடமையைப் பொருளின் வகையோடு பிணைக்காமல், அது நுகர்வோரைச் சேரும் வழியோடு பிணைத்தார். உற்பத்தியாளர் அனுப்பிய வடிவிலேயே பொருள் நுகர்வோரைச் சேர வேண்டும் என்ற நோக்கம் தெரிய வேண்டும்; இடையில் ஆய்வு நடக்க நியாயமான வாய்ப்பு இருக்கக் கூடாது; கவனம் தவறினால் உயிருக்கோ சொத்துக்கோ கேடு வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் சாதனத்தைத் திறந்து சோதிப்பது வழக்கமாக இருந்தால், இரண்டாவது நிபந்தனை நிறைவேறுமா என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் 599ஆம் பக்கத்தைச் சுட்டும் அடிக்குறிப்பு வேண்டும். மூன்றாவது மாணவரின் சொந்த வாதம். அதற்கு அடிக்குறிப்பு கூடாது, இட்டால் நீதிபதி சொன்னதாக ஆகிவிடும். மூலத்தில் ஒரே நீள வாக்கியமாக இருந்ததை இங்கே மூன்று நிபந்தனைகளாகப் பிரித்தது மாணவரின் வேலை. அந்தப் பிரிப்பில்தான் அவர் புரிந்துகொண்டது தெரிகிறது.

"நியாயமான கவனம்", "கவனக் கடமை", "இறுதி நுகர்வோர்" போன்ற சொற்களை மாற்றவும் வேண்டாம், மேற்கோள் குறிக்குள் போடவும் வேண்டாம். அவை சட்டத்தின் பொதுச் சொத்து. ஒரு தொடர் பொதுவானதா, ஒருவருடைய தனி ஆக்கமா என்று ஐயம் வந்தால், அதே பொருளைப் பேசும் வேறு நீதிபதி அந்தத் தொடரை ஆட்கின் பெயரைச் சொல்லாமல் இயல்பாகப் பயன்படுத்துவாரா என்று கேட்டுப் பாருங்கள். "நியாயமான கவனம்" தேறிவிடும். அயலார் யார் என்பதற்கு அவர் தந்த, என் செயலால் "அவ்வளவு நெருக்கமாகவும் நேரடியாகவும் பாதிக்கப்படுவோர்" என்ற தொடர் தேறாது. அதற்கு மேற்கோள் குறி வேண்டும்.

இன்னொன்று: ஆட்கின் பிரபு சொன்னதை "பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது" என்று எழுதாதீர்கள். தாங்கர்டன், மக்மில்லன் இருவரும் தத்தம் நியாயங்களைத் தனித்தனி உரைகளில் சொன்னார்கள். மூவருக்கும் பொதுவானது எது என்று பார்த்த பிறகே அவையின் பெயரைச் சொல்லலாம்.

## 6. மேற்கோள் எடுக்கும்போது

சொல்லின் தேர்விலேயே விவாதம் இருந்தால் மேற்கோள் எடுங்கள். செய்தியைச் சொல்வதற்கு மட்டுமே என்றால் மேற்கோள் வேண்டாம். நம் கேள்வியில் "நியாயமான வாய்ப்பு" என்ற சொற்களின் எல்லைதான் முழு வாதமும். அதனால் அந்தச் சிறு தொடரை மேற்கோளாக எடுப்பது பொருத்தம். முழு வாக்கியத்தையும் எடுப்பது பெரும்பாலும் இடத்தை நிரப்பவே உதவும்.

எடுப்பது அறிக்கையிலிருந்தே இருக்க வேண்டும். பாடநூலில் கண்ட மேற்கோளை அப்படியே ஏற்றினால், பாடநூல் ஆசிரியர் விட்ட சொல்லும் அவர் சேர்த்த அழுத்தமும் கூடவே வரும்; தீர்ப்பைப் பார்த்ததாக இடும் அடிக்குறிப்பும் பொய்யாகிவிடும். தீர்ப்பு கிடைக்கவே இல்லையென்றால், இன்ன நூலில் மேற்கோள் காட்டப்பட்டபடி என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சொற்களை விட்டால் மூன்று புள்ளி. நீங்கள் சேர்த்த சொல்லுக்குச் சதுர அடைப்பு. நீங்கள் அழுத்தம் கொடுத்திருந்தால் அதை அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். இவை எல்லோருக்கும் தெரிந்த விதிகள். தெரிந்தும் தவறுவது மூன்று புள்ளியில்தான். ஆட்கின் பிரபுவின் வாக்கியத்தில் "இடையில் ஆய்வு செய்யப்பட நியாயமான வாய்ப்பு எதுவுமின்றி" என்ற பகுதியை விட்டு மூன்று புள்ளி வைத்தால், மேற்கோள் விதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நிபந்தனையோடு சொன்ன கடமை, நிபந்தனையற்ற கடமையாகிவிட்டது. "இன்றி", "தவிர", "ஆனால்", "வரை" போன்ற சொல் உள்ள பகுதியை விடுவதற்கு முன், அது இல்லாத வாக்கியத்துக்கு நீதிபதி ஒப்புக்கொள்வாரா என்று நின்று பாருங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆக்ஸ்ஃபோர்டு முறையில் மூன்று வரிக்கு மேற்பட்ட மேற்கோளும், புளூபுக் முறையில் 50 சொல்லோ அதற்கு மேலோ உள்ள மேற்கோளும் குறிகள் இல்லாமல் உள்தள்ளிய தனிப் பத்தியாக வரும்.

நீதிபதி இன்னொருவரை மேற்கோள் காட்டும் இடங்களும் உண்டு. ஆட்கின் பிரபு தன் உரையில் எஷர் பிரபுவின் பழைய கருத்துகளை எடுத்துக் காட்டுகிறார். அந்த வரிகள் உங்களுக்கு வேண்டுமென்றால், சொன்னவர் எஷர், எடுத்துக் காட்டியவர் ஆட்கின் என்று இருவரும் தெரிய எழுதுங்கள். இரண்டாம் படியில் ஓரத்தில் எழுதிய பெயர்கள் இங்கே பயன்படும்.

## 7. மொழி மாற்றினாலும் நகல் நகல்தான்

ஆங்கிலத் தலைக்குறிப்பைத் தமிழில் பெயர்த்து எழுதினால் அது சொந்த நடை ஆகாது. ஒப்புமை காணும் மென்பொருளுக்கு அது தட்டுப்படாமல் போகலாம். திருத்துபவர் அந்த வழக்கை அறிந்தவர் என்றால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மொழிபெயர்த்த நீதிபதியின் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டால், மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள். வாதம் ஒரு சொல்லைச் சுற்றியே நின்றால், மூலத் தொடரையும் அடிக்குறிப்பில் தருவது நல்லது.

## 8. அடிக்குறிப்பு எங்கே, எப்படி

மேற்கோளுக்கு மட்டும் அடிக்குறிப்பு போதும் என்பது பரவலான தவறு. சொற்கள் உங்களுடையவை ஆனாலும் கருத்து நீதிபதியுடையது என்றால் அடிக்குறிப்பு வேண்டும், அதுவும் குறிப்பிட்ட பக்கத்தோடு. ஆக்ஸ்ஃபோர்டு முறையில் நம் பத்திக்கான அடிக்குறிப்பு இது:

```
Donoghue v Stevenson [1932] AC 562 (HL) 599 (Lord Atkin)
```

562 என்பது அறிக்கை தொடங்கும் பக்கம். 599 கருத்து உள்ள பக்கம். 562ஐ மட்டும் போட்டுவிட்டால், நீங்கள் தலைக்குறிப்பைச் சுட்டுகிறீர்களா தீர்ப்பைச் சுட்டுகிறீர்களா என்பதே தெரியாது; தலைக்குறிப்பு இருப்பது தொடக்கத்தில்தானே. பத்தி எண்கள் உள்ள அண்மைக்காலத் தீர்ப்புகளுக்குப் பக்கத்துக்குப் பதிலாகப் பத்தி எண்ணைத் தருவார்கள்.

ஒரு பத்தி முழுவதும் ஒரே தீர்ப்பைச் சார்ந்திருந்தாலும் பத்தியின் கடைசியில் ஒரே அடிக்குறிப்பை வைத்துவிடாதீர்கள். எந்த வாக்கியம் வரை நீதிபதி, எந்த வாக்கியத்திலிருந்து நீங்கள் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். தலைக்குறிப்பின் கருத்தே உங்களுக்குத் தேவைப்படும் அரிய நேரங்களில், உதாரணமாக அது தீர்ப்பைவிடக் குறுகலானது என்று விமர்சிக்கும்போது, அது தலைக்குறிப்பு என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

## 9. கொடுப்பதற்கு முன் சரிபார்த்தல்

இப்போது, முதல் முறையாக, தலைக்குறிப்பை மீண்டும் திறந்து உங்கள் பத்தியின் அருகில் வையுங்கள். சட்டச் சொற்களை ஒதுக்கிவிட்டு, இரண்டிலும் பொதுவாக உள்ள தொடர்களுக்கு அடிக்கோடு இடுங்கள். பிறகு இரண்டிலும் செய்திகள் வரும் வரிசையை எண்ணிட்டுப் பாருங்கள். வரிசை ஒன்றாகவே இருந்தால் சொற்கள் எவ்வளவு மாறியிருந்தாலும் அந்தப் பத்தி தேறவில்லை.

ஒப்புமை காணும் மென்பொருள் தரும் அறிக்கையின் சதவீதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வழக்குப் பெயர், சட்டப் பிரிவின் வாசகம், முறையாக எடுத்த மேற்கோள் ஆகியவற்றையும் அது பொருத்தமாகக் காட்டும்; அதனால் நேர்மையான சட்டக் கட்டுரைக்கும் எண்ணிக்கை கூடலாம். மேலே கண்ட "பண்டம், பழுது, இடைத்தரகர்" வாக்கியமோ அதில் ஏறக்குறையத் தட்டுப்படாது. நிறம் காட்டிய ஒவ்வொரு இடத்தையும் திறந்து, அங்கே மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே அந்த அறிக்கையால் கிடைக்கும் பயன்.

மேற்கோள்களைச் சட்ட அறிக்கையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருவர் அறிக்கையிலிருந்து உரக்கப் படிக்க, இன்னொருவர் கட்டுரையைப் பார்த்தால் விடுபட்ட சிறு சொற்கள் உடனே பிடிபடும். பக்க எண்களையும் அந்த நேரத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

ஏதேனும் ஒரு பத்தி தேறவில்லையென்றால் அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். திருத்தும்போது கண் முன்னால் இருப்பது பழைய வாக்கியம். மறுபடி சொல் மாற்றும் வேலைதான் நடக்கும். பத்தியை முழுவதுமாக அழித்துவிட்டு, தீர்ப்பின் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்து, மூடி, அசைன்மெண்ட்டின் கேள்வியைப் பார்த்துப் புதிதாக எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் பக்கம் இன்னும் புரியவில்லை என்று பொருள்; அப்போது மாறுபட்ட நீதிபதியின் உரையில் அதே பிரச்சினை பேசப்படும் இடத்தைப் படித்துவிட்டு வந்தால், பெரும்பான்மையினர் எதை ஏற்க மறுத்தார்கள் என்பது தெளிந்து, பெரும்பாலும் பத்தி எழுத வந்துவிடும்.